டிஸ்சார்ஜ் புக்கில் 'சொந்த வேண்டுகோள்' என்று இருந்தால் எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா கிடையாதா?

கரூர்க்காரன் | 3 ஜூலை 2025

அண்ணனுக்காகக் கேட்கிறேன். 2005 மார்ச் 14 அன்று ராணுவத்தில் சேர்ந்தார், 2022 மார்ச் 31 அன்று பென்ஷன் வந்தார். அப்பா படுத்த படுக்கையானதால் நாயக்காக இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். சென்ற வாரம் ஒரு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. மேஜையில் இருந்தவர் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டி, வெளியேறிய காரணம் என்ற வரியில் விரலை வைத்து, "சொந்த வேண்டுகோள்ல வந்திருக்கீங்க, முன்னாள் படைவீரர் கோட்டாவுல வரமாட்டீங்க" என்று சொல்லிவிட்டார். சர்வீஸ் சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொல்லிப் பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக் இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். சர்வீஸ் சர்ட்டிபிகேட் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

சார்ஜென்ட் | 3 ஜூலை 2025

அவர் சொன்னது சரிதான். சொந்த வேண்டுகோளில் வந்தவர் எக்ஸ் சர்வீஸ்மேன் ஆகமாட்டார். நான் விமானப்படை. என்னோடு சேர்ந்தவன் ஒருவன் ஒன்பது வருடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். நடத்தை எக்ஸெம்ப்ளரி, ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. மூன்று இடத்தில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். வீணாக அலையாதீர்கள்.

பழைய கிளார்க் | 3 ஜூலை 2025, இரவு

சார்ஜென்ட் சொன்ன ஆளுக்கு அது சரி. கரூர்க்காரன் அண்ணனுக்குத் தப்பு. இரண்டு பேர் புத்தகத்திலும் ஒரே வரிதான் இருக்கும், வித்தியாசம் பென்ஷனில்.

மத்திய அரசின் 1979ஆம் ஆண்டு மறுவேலை விதிகளில்தான் எக்ஸ் சர்வீஸ்மேன் யார் என்பது எழுதியிருக்கிறது. 2012 அக்டோபரில் அதைத் திருத்தினார்கள். அதில் உள்ளபடி, பென்ஷன் சம்பாதித்தபிறகு வெளியே வந்தவர் எக்ஸ் சர்வீஸ்மேன். அவராகக் கேட்டு வந்தாரா, படை அனுப்பியதா என்ற கேள்வியே அங்கே இல்லை. "சொந்த வேண்டுகோளின் பேரிலோ" என்று வார்த்தையாகவே போட்டிருக்கிறார்கள். சொந்த வேண்டுகோள் ஆளைத் தள்ளிவிடுவது அதற்கு அடுத்த பகுதியில். பென்ஷன் இல்லாமல், ஒப்பந்தக் காலம் முடிந்து கிராஜுவிட்டி மட்டும் வாங்கி வந்தவர்களுக்கான பகுதி அது. சார்ஜென்டின் நண்பர் அங்கேதான் மாட்டினார். ஒன்பது வருடம், பென்ஷன் இல்லை, காலம் முடியும் முன் அவராகவே வந்தார்.

உங்கள் அண்ணனுக்கு 17 ஆண்டு 18 நாள். சிப்பாய் முதல் ஜேசிஓ வரை பென்ஷனுக்கு 15 ஆண்டு போதும். பென்ஷன் வழங்கும் ஆணை, அதுதான் பிபிஓ, கையில் இருக்குமே? அதுதான் அவருக்குச் சாட்சி. டிஸ்சார்ஜ் புக் அவர் எப்போது வந்தார், எப்படி வந்தார் என்று சொல்லும். பென்ஷன் உண்டா என்று பிபிஓதான் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கிளார்க் | 4 ஜூலை 2025

சர்வீஸ் சர்ட்டிபிகேட் கேள்வியை விட்டுவிட்டேன்.

அந்தப் பெயரில் ஆளாளுக்கு ஒவ்வொன்றைச் சொல்வார்கள், குழப்பமே அதில்தான். இன்னும் படையில் இருப்பவர், வெளியே வர ஒரு வருடத்துக்குள் இருந்தால் கோட்டாவில் விண்ணப்பிக்கலாம். அவர் கையில் டிஸ்சார்ஜ் புக் இருக்காது. அதனால் இன்ன தேதியில் விடுவிக்கப்படுவார் என்று அவருடைய கமாண்டிங் ஆபீசர் ஒரு சான்று கொடுப்பார். இது ஒரு வகை. ஏற்கெனவே வெளியே வந்தவரிடம் அதே பெயரில் கேட்டால், பெரும்பாலும் அந்த வேலை அறிவிப்பின் கடைசியில் அச்சடித்திருக்கும் படிவத்தைத்தான் கேட்கிறார்கள். அண்ணன் எந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தாரோ அதன் பின்பக்கங்களைப் பாருங்கள். படிவம் இருந்தால் அதை அச்செடுத்து, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, அடையாள அட்டையோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அண்ணனுக்கு 'சோல்ஜர் போர்டு' என்று சொன்னால்தான் தெரியும்.

படையில் இருப்பவருக்கான படிவத்தை, வெளியே வந்து மூன்று வருடம் ஆனவர் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யூனிட் அதற்குள் சியாச்சின் பக்கம் போய்விட்டது.

ஜவ்வாது | 4 ஜூலை 2025

நானும் 21 வருடம் துப்பாக்கி தூக்கியவன். சிஆர்பிஎப். பென்ஷன் வாங்குகிறேன், பிபிஓ இருக்கிறது. பென்ஷன் இருந்தால் எக்ஸ் சர்வீஸ்மேன் என்றால் எனக்கும் கோட்டா உண்டுதானே? என் ஊர் அலுவலகத்தில் பதிவே செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

பழைய கிளார்க் | 4 ஜூலை 2025

இல்லை. விதியின் முதல் வரியே தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஆரம்பிக்கிறது. சிஆர்பிஎப், பிஎஸ்எப் உள்துறையின் கீழ் வருபவை. பென்ஷனும் பாதுகாப்புத் துறைக் கணக்கில் இருந்து வருவதில்லை. நியாயமா என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன், விதி அதுதான்.

ஜவ்வாது | 4 ஜூலை 2025

குண்டுக்கு அந்த விதி தெரியாது சார்.

கரூர்க்காரன் | 5 ஜூலை 2025

பழைய கிளார்க் ஐயா, பிபிஓ இருக்கிறது. அண்ணி பீரோவில் நகைப் பையோடு வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் புக்கில் அந்த வரியைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆர்மி ரூல் 13(3), அதன்கீழ் மூன்று, நான்கு என்று ரோமன் எண்கள். "சேர்க்கை நிபந்தனைகளை நிறைவு செய்யும் முன், சொந்த வேண்டுகோளின் பேரில்" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. நிறைவு செய்யும் முன் என்பதைப் பார்த்துத்தான் அவர் மிரண்டிருப்பார் போல.

இன்னொரு பயம். அண்ணன் பிறந்தது 1986 ஜூன் 10. வயது 39 ஆகிவிட்டது. அறிவிப்பில் வரம்பு 27, கணக்குத் தேதி 2025 ஆகஸ்ட் 1.

சார்ஜென்ட் | 5 ஜூலை 2025

எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ஐந்து வருடம் தளர்வு. 32. தாண்டிவிட்டார்.

பழைய கிளார்க் | 5 ஜூலை 2025

சார்ஜென்ட், நீங்கள் எந்த அறிவிப்பைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை. மத்திய அரசின் குரூப் சி வேலைக்குக் கணக்கு வேறு. முதலில் படையில் இருந்த காலத்தை நிஜ வயதில் கழிக்க வேண்டும். மிச்சம் வருவது, வரம்பை மூன்று வருடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

கரூர்க்காரன் அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்போம். ஆகஸ்ட் 1 அன்று அவர் வயது 39 ஆண்டு, 1 மாதம், 22 நாள். அதில் 17 ஆண்டு 18 நாளைக் கழித்தால் 22 ஆண்டு, 1 மாதம், 4 நாள். வரம்பு 27, கூட மூன்று சேர்த்தால் 30. கிட்டத்தட்ட எட்டு வருடம் மிச்சம் வைத்திருக்கிறார். 17 வருடம் முடித்தவருக்கு இந்த வேலையில் வயது ஒரு தடையே இல்லை.

இங்கேதான் டிஸ்சார்ஜ் புக் பிபிஓவை விட முக்கியம். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி இரண்டும் அதில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டும். பயிற்சி மையத்துக்குப் போய் இறங்கிய நாளை எழுதிவிட்டு, புத்தகத்தில் வேறு நாள் இருந்தால் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள்.

சார்ஜென்ட் | 6 ஜூலை 2025

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்ன ஐந்து வேறு ஏதோ அறிவிப்பில் பார்த்தது. ஆனால் என் நண்பன் விஷயத்தில் நான் சொன்னது சரிதானே?

பழைய கிளார்க் | 6 ஜூலை 2025

அவர் விஷயத்தில் சரி. அவர் 1987 ஜூலைக்கு முன்பு வந்திருந்தால் கதையே வேறு. 1979 ஜூலை முதல் 1987 ஜூன் வரை, சொந்த வேண்டுகோளில் வந்தவருக்கும் ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும் என்று இருந்தது. வந்த தேதியைப் பொறுத்து விளக்கம் மாறும் என்பதால்தான், பெரியவர்கள் "எனக்குக் கொடுத்தார்களே" என்று சொல்வதைக் கேட்டு இளையவர்கள் ஏமாறுகிறார்கள்.

பழைய கிளார்க் | 9 ஜூலை 2025

மூன்றாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'பிபிஓதான் சாட்சி' என்று அடித்துச் சொன்னது கொஞ்சம் அவசரம். பென்ஷன் இல்லாமலே எக்ஸ் சர்வீஸ்மேன் ஆகிறவர்கள் உண்டு. ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் காலம் முடித்து வரும் அதிகாரியைப் பாருங்கள். கிராஜுவிட்டி கிடைக்கும், பென்ஷன் கிடையாது, பிபிஓவும் இல்லை. சிப்பாய்க்குக் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கும் அவரிடம் இருக்காது. ரிலீஸ் ஆர்டரை வைத்துத்தான் காட்ட வேண்டும். ஆள் குறைப்பில் வெளியே வந்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் வெளியேறிய காரணம் என்ற அந்த ஒரு வரிதான் எல்லாம்.

'15 ஆண்டு போதும்' என்றதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் மொத்த சர்வீசும் பென்ஷனுக்கு எண்ணப்படும் சர்வீசும் ஒன்றில்லை. லீவு முடிந்து வராமல் போன நாள், சிறை நாள் எல்லாம் கழியும். எங்கள் யூனிட்டில் ஒரு பையன், தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் நாற்பது நாள் கழித்துத் திரும்பினான். பிற்பாடு 15 வருடம் 10 நாள் என்று புத்தகத்தில் விழுந்தது, கேக் வெட்டினான். கணக்குப் பார்த்தால் ஒரு மாதம் குறைகிறது. பென்ஷன் கட்டு திரும்பி வந்தபோது அதை அவனிடம் சொல்ல வேண்டியவன் நான். குறைகிற காலம் பன்னிரண்டு மாதத்துக்குள் இருந்தால் மன்னித்துக் கொடுக்க வழி உண்டு, அதற்குத் தனியாக எழுதி ஒப்புதல் வாங்கினோம். எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவனிடம் டிஸ்சார்ஜ் புக் இருந்தது, 15 வருடம் 10 நாள் என்று மையில் எழுதி.

தேனி மகள் | 12 ஜூலை 2025

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பா 1994ல் பென்ஷன் வந்தவர். டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் செல்வி. ஆதார், பேங்க், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் செல்வராணி. என் பெயரும் தம்பி பெயரும் கடைசிப் பக்கத்தில் அப்பா கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது, தம்பி பிறந்த வருடம் அழித்து அழித்து எழுதிக் காகிதமே தேய்ந்திருக்கிறது. நாளைக்கு அப்பாவுக்கு ஒன்று ஆனால் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருமா? புத்தகத்திலேயே பேனாவால் திருத்திவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

பழைய கிளார்க் | 12 ஜூலை 2025

பேனாவை அப்பாவிடமிருந்து முதலில் வாங்கி வையுங்கள் அம்மா. கையால் திருத்தினால் நல்ல புத்தகமும் சந்தேகப் புத்தகமாகிவிடும்.

அப்பா பென்சிலால் எழுதியதற்கு மதிப்பு கிடையாது. படையில் இருந்தபோது கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டராக ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். அதிலிருந்துதான் புத்தகத்திலும் பிபிஓவிலும் வரும். குடும்ப பென்ஷனுக்குப் பார்ப்பது பிபிஓவில் மனைவி பெயர் என்ன இருக்கிறது என்பதை. அதை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் செல்வி என்றுதான் இருந்தால், செல்வியும் செல்வராணியும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த போட்டோ, இவற்றோடு மாவட்ட அலுவலகம் வழியாக ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். அவர்கள் திருத்தியபிறகு திருத்தப் பிபிஓ வரும்.

அப்பா இருக்கும்போதே செய்யுங்கள். இப்போது அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிகிற விஷயம். அவருக்குப் பிறகென்றால் நான்தான் செல்வி என்று அம்மா ஊர் முழுக்க நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தேனி மகள் | 13 ஜூலை 2025

பிபிஓவில் அம்மா பெயரே இல்லை ஐயா. அப்பா பெயரும் தொகையும் மட்டும்தான்.

பழைய கிளார்க் | 13 ஜூலை 2025

பழைய பிபிஓக்களில் அப்படிப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் வேலை கொஞ்சம் கூடுதல். திருத்தம் மட்டும் போதாது, குடும்ப பென்ஷனுக்கு மனைவி பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். திருமணச் சான்று இருக்கிறதா? அப்பா எந்த ரெஜிமெண்ட்?

தேனி மகள் | 13 ஜூலை 2025

மெட்ராஸ் ரெஜிமெண்ட். திருமணச் சான்று கிடையாது, பத்திரிகைதான் இருக்கிறது.

பழைய கிளார்க் | 14 ஜூலை 2025

அப்படியானால் ரெக்கார்ட்ஸ் வெலிங்டனிலேயே இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். என்னைப் போல் சிக்னல்ஸ் ஆளாக இருந்தால் ஜபல்பூருக்கு எழுத வேண்டும். பத்திரிகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் அது மட்டும் போதுமா என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

சார்ஜென்ட் | 14 ஜூலை 2025

யாரும் டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் பக்கம் பக்கமாகப் பிரித்து லேமினேட் செய்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டார். பார்க்க மெனு கார்டு மாதிரி இருக்கும். பதிவு எண் எழுதி முத்திரை வைக்கப் போனால் மை நிற்கவே இல்லை.

அக்னி அப்பா | 20 ஜூலை 2025

என் மகன் 2023 ஜனவரியில் அக்னிவீரனாகச் சேர்ந்தான். நான்கு வருடம் முடிந்தால் அவனுக்கும் டிஸ்சார்ஜ் புக் கொடுப்பார்களா? ஒப்பந்தக் காலம் முடித்து வருகிறவர் எக்ஸ் சர்வீஸ்மேன் என்று மேலே எழுதியிருக்கிறீர்களே.

பழைய கிளார்க் | 20 ஜூலை 2025

நீங்கள் சரியான இடத்தில் கையை வைக்கிறீர்கள், ஆனால் அந்தப் பகுதியில் 'கிராஜுவிட்டி வாங்கி' என்றும் இருக்கிறது. அக்னிவீரருக்குப் பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை, முடிவில் கிடைக்கும் சேவா நிதி என்ற மொத்தத் தொகைதான். சேர்க்கை நிபந்தனைகளிலேயே எக்ஸ் சர்வீஸ்மேன் தகுதி கிடையாது என்று எழுதியிருக்கிறது. நான்கு வருடம் முடித்தவர்களுக்கென்று சிஆர்பிஎப், பிஎஸ்எப் போன்றவற்றில் தனி ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், அது எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா அல்ல. நிரந்தரமாக எடுக்கப்படும் கால் பங்கில் மகன் வந்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஜவ்வாது | 20 ஜூலை 2025

அப்போ அவனும் எங்க பக்கம்தான். வாப்பா.

கரூர்க்காரன் | 2 ஆகஸ்ட் 2025

நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்பின் கடைசியில் படிவம் இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், ஒரே நாளில். அதோடு விதியின் அந்தப் பகுதியை அச்செடுத்து, "பென்ஷன் சம்பாதித்தபிறகு" என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டு அண்ணன் கொண்டுபோனார். அதே ஆள்தான் இருந்தார். படித்தார். மறுபடி படித்தார். "எனக்கு மேல கேட்கணும்" என்று சொல்லி, தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது என்று எழுதி வாங்கிக்கொண்டார். கோபப்படவெல்லாம் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தாராம்.

இன்னொரு கேள்வி. அண்ணன் இப்போது ஒரு தனியார் கம்பெனியில் செக்யூரிட்டி. அதை மறைக்க வேண்டுமா? ஒரு முறை வேலைக்குப் போனால் கோட்டா தீர்ந்துவிடும் என்கிறார்கள்.

பழைய கிளார்க் | 2 ஆகஸ்ட் 2025

மறைக்கவே வேண்டாம். தனியார் வேலை கணக்கில் வராது. கோட்டாவில் ஒரு அரசு வேலையில் முறையாகச் சேர்ந்தால்தான் தீரும். அதிலும் 2014 ஆகஸ்டில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். சேரும் முன்பே வேறு வேலைகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்தப் பட்டியலைத் தேதியோடு எழுதிப் புது அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால் அந்த வேலைகளுக்கு மட்டும் கோட்டா தொடரும். அண்ணன் வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறாரோ இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சேர்ந்தபிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இது மத்திய அரசு வேலைக்குச் சொன்னது. மாநிலத்து வேலை என்றால் அந்த அறிவிப்பைத் தனியாகப் படிக்க வேண்டும்.

பழைய கிளார்க் | 3 ஆகஸ்ட் 2025

சம்பந்தமில்லாத ஒன்று. நேற்று இரவு தூக்கம் வராமல் ஆர்மி ஆக்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 23ஆம் பிரிவு. வெளியே வருகிறவருக்கு, யார் அதிகாரத்தில் வெளியேறினார், என்ன காரணம், மொத்தம் எவ்வளவு காலம் என்ற மூன்றையும் எழுதிச் சான்று கொடுக்க வேண்டும், அதுவும் அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும். இருபத்து நான்கு வருடம் இந்தக் காகிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான், அந்தத் தாய்மொழி என்ற வார்த்தை கண்ணில் படவே இல்லை. என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், இந்தியும் ஆங்கிலமும்தான். அந்தக் காரண வரி தமிழிலும் இருந்திருந்தால், வாங்கின அன்றைக்கே கரூர்க்காரன் அண்ணன் அதை வாசித்து நாலு கேள்வி கேட்டிருப்பார்.

தேனி மகள் | 18 செப்டம்பர் 2025

அம்மா பெயர் சேர்க்கும் மனுவை வெலிங்டனுக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பார்ட் டூ ஆர்டரில் கல்யாணம் பதிவாகியிருக்கிறது, அதில் பெயர் 'செல்வி ராணி' என்று இரண்டு வார்த்தையாக இருக்கிறதாம். இப்போது மூன்று பெயர் ஆகிவிட்டது. அப்பா சிரிக்கிறார், அம்மா சிரிக்கவில்லை.

பழைய கிளார்க் | 18 செப்டம்பர் 2025

நல்ல செய்திதான் அது. கல்யாணம் அங்கே பதிவாகியிருப்பதால் பத்திரிகையை நம்ப வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரத்தை மூன்று பெயரையும் போட்டு மறுபடி எழுதுங்கள்.

கரூர்க்காரன் | 6 நவம்பர் 2025

அண்ணன் பெயர் இன்னும் பட்டியலில் வரவில்லை, தள்ளப்பட்டவர் பட்டியலிலும் இல்லை. போன் செய்தால் 'மேல கேட்டிருக்கோம்' என்கிறார்கள். நேற்று பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனவர், டிஸ்சார்ஜ் புக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, எதற்கும் இருக்கட்டும் என்றார்.